ஆங்கிலப் பக்கத்தில் ஒரு சொல்

கிளிநொச்சியில் நான் வேலை செய்யும் அச்சகத்துக்கு யோகமலர் அக்கா மகளோடு வந்தது ஆனி மாதத்தில். மகள் நிதர்சனாவுக்குக் கலியாணம். மாப்பிள்ளை அபிஷன் கனடாவில் பிறந்து வளர்ந்தவன். அழைப்பிதழ் தமிழிலும் ஆங்கிலத்திலும் வேண்டும் என்றார்கள். எங்கள் ஊரில் இப்போது பத்துக் கலியாணத்தில் ஏழுக்கு அப்படித்தான். அங்குள்ள பிள்ளைகளுக்குத் தமிழ் கேட்டால் விளங்கும், வாசிக்க வராது.

பதினெட்டு வருடமாக அழைப்பிதழுக்கு வசனம் எழுதுகிறவள் நான். தமிழ்ப் பக்கம் எனக்குக் கைப்பழக்கம். "நிகழும் மங்களகரமான குரோதி வருடம் ஆவணித் திங்கள்" என்று தொடங்கினேன். பெண்ணின் பெற்றோர் பெயரைக் கேட்டேன்.

"சிவகடாட்சம், யோகமலர்" என்றார் அக்கா. என் கை விசைப்பலகையில் நின்றதைக் கண்டுவிட்டார். "அவரின்ர பேருக்கு முன்னால ஒண்டும் போடக்கூடாது பிள்ளை. அவர் செத்ததை நான் காணேல்லை."

சிவகடாட்சத்தின் கதை ஊருக்குத் தெரியும். யுத்தம் முடிந்த கிழமை, ஒன்பது வயது மகளை அக்காவின் கையில் தந்துவிட்டு, சரணடைந்த மற்ற ஆண்களோடு இராணுவத்தின் பஸ்ஸில் ஏறியவர்; திரும்பி வரவில்லை. அக்கா இன்றும் குங்குமம் வைக்கிறார். கந்தசாமி கோவிலடிக் கொட்டகையில், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரோடும் மனைவிமாரோடும் அவருடைய படத்தை ஏந்திக்கொண்டு இருக்கிறார்.

தமிழில் அது சிக்கலே இல்லை. "சிவகடாட்சம் யோகமலர் தம்பதிகளின் ஏக புத்திரி" என்று எழுதினால் போதும். பெண் யாருடைய பிள்ளை என்றுதான் தமிழ் சொல்கிறது. தகப்பன் இருக்கிறாரா இல்லையா என்று "காலஞ்சென்ற" என்ற சொல்லைப் போட்டால்தான் தெரியும். போடாமல் விட்டால் அவர் பாட்டுக்கு அந்த வரியில் இருப்பார்.

ஆங்கிலம் அப்படி விடாது. அங்கே வழக்கமான வாசகம் பெற்றோரில்தான் தொடங்கும்: மிஸ்டர் அன்ட் மிஸிஸ் இன்னார், தங்கள் மகளின் திருமணத்துக்கு உங்கள் வருகையை வேண்டுகிறார்கள். அழைக்கிறவர் என்று ஓர் ஆள் இருக்கவேண்டும். பஸ்ஸில் ஏறிப்போனவர் எப்படி அழைப்பார்?

அதே கேள்வியை அக்காவின் தம்பி கமலேஸ்வரன் கனடாவில் ஸ்காபரோவிலிருந்து தொலைபேசியில் என்னிடம் கேட்டார். "தங்கச்சி, அப்பிடிப் போட்டா இங்க சனம் 'தகப்பன் எங்க, என்ன செய்யிறார்' எண்டு கேக்கும். ஒவ்வொருத்தருக்கும் நான் கதை சொல்லிக்கொண்டு திரியிறதோ? காலஞ்சென்ற எண்டதுக்கு 'லேட்' எண்டு போடுங்கோ. ஒரு சொல்லோட அலுவல் முடிஞ்சுது."

"ஆருக்கடா முடிஞ்சுது?" அக்கா தொலைபேசியைப் பறித்தார். "உனக்கோ? நீ தொண்ணூற்றாறிலயே போனவன். உனக்கு எப்பவோ முடிஞ்சுது."

நிதர்சனா அட்டை மாதிரிகளைப் புரட்டிக்கொண்டு இருந்தாள்.

இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டேன். ஆங்கிலத்தில், பிள்ளைகள் தாங்களே அழைக்கும் வாசகம் ஒன்று உண்டு. "தங்கள் குடும்பங்களோடு சேர்ந்து நிதர்சனாவும் அபிஷனும் உங்களை அன்போடு அழைக்கிறார்கள்." பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னாருடைய மகள், இன்னாருடைய மகன். மிஸ்டரும் இல்லை, மிஸிஸும் இல்லை. "உங்கள் வருகையால் பெருமையடைவோம்" என்ற விறைப்பான வரியை எடுத்துவிட்டு, "கடல் கடந்து வரும் உங்களைக் கட்டியணைக்கக் காத்திருக்கிறோம்" என்று போட்டேன். தமிழ்ப் பக்கம் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு நிற்க, ஆங்கிலப் பக்கம் வாசலுக்கு ஓடிவந்து கையைப் பிடிக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. சொல்சொல்லாக விரல் வைத்துக் கேட்டார். பெற்றோர் பெயர் உள்ள வரி வந்ததும், "இதில அவர் இருக்கிறாரெண்டு இருக்கோ?" என்றார்.

"இருக்கிறாரெண்டும் இல்லை, இல்லையெண்டும் இல்லை அக்கா."

"அது காணும்" என்று கையெழுத்து வைத்தார்.

இங்கே முந்நூறு அட்டை அடித்தோம். கமலேஸ்வரன் பேசினார்: "நல்ல வசனம் தங்கச்சி. ஃபோனில அனுப்பிறதுக்கு நிறம் கொஞ்சம் மாத்தவேணும், திருத்தக்கூடிய ஃபைலை அனுப்பிவிடுங்கோ." நான் அனுப்பினேன். வேறு யோசனை எனக்கு வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

மூன்றாம் கிழமை அக்கா தனியாக வந்தார். நோர்வேயிலிருக்கும் மச்சாள் ஒருத்தி அனுப்பிய அழைப்பிதழ் அவருடைய தொலைபேசியில் இருந்தது. நிறம் அப்படியே இருந்தது.

"பிள்ளை, இவரின்ர பேர் இங்கிலிஷில எப்பிடி இருக்குமெண்டு எனக்குத் தெரியும். பதினைஞ்சு வருசமாப் படத்துக்குக் கீழ எழுதித் தூக்கிறன். இதில பேருக்கு முன்னால நாலு எழுத்து நிக்குது. நீ வாசிக்கேக்க அது இல்லை. அது என்ன?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். மரியாதைச் சொல், திரு மாதிரி என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"லேட் எண்டு கிடக்கு அக்கா."

அவர் கதிரையில் இருந்தார். அழவில்லை. உடனே கமலேஸ்வரனுக்கு எடுக்கச் சொன்னார். அந்தப் பக்கம் விடிகாலை. தூக்கக் குரலில் அவர் சொன்னார்: "அக்கா, என்னை ஏசாதையுங்கோ. நிதர்சனாதான் போடச் சொன்னவள்."

மகளை அழைப்பித்தோம். சைக்கிளை வெளியே சாத்திவிட்டு வந்தவள் தொலைபேசியைக் கண்டதும் விளங்கிக்கொண்டாள்.

"ஓம் அம்மா, நான்தான். பள்ளிக்கூடத்தில, அரசாங்கக் கச்சேரியில, எல்லாப் படிவத்திலயும் அந்த இடத்தை வெறுமையா விட்டுவிட்டு நிண்டனான். கனடாவுக்குப் போயும் அப்பா எங்கயெண்டு கேப்பினம். நான் என்ன சொல்ல? செத்திட்டாரெண்டால் ஒரு 'சொறி' சொல்லிப்போட்டு விட்டிடுவினம்."

"அதுக்கு அவரைக் கொண்டுபோட்டியோ?"

"நான் கொல்லேல்லை அம்மா. நீங்கள்தான் அவரைச் சாகவும் விடேல்லை, என்னை வாழவும் விடேல்லை."

நான் எழுந்து தேத்தண்ணி போடப் போனேன். திரும்பி வந்தபோது நிதர்சனா மட்டும் இருந்தாள். "றஜனி அன்ரி, தமிழில நான் ஒண்டும் மாத்தேல்லை" என்றாள், ஏதோ அதற்காக நான் மன்னிக்கவேண்டும் என்பதுபோல.

கலியாணம் ஆவணியில் நடந்தது. அக்கா குங்குமத்தோடுதான் நின்றார். கனடாவிலிருந்து வந்த கூட்டத்தில் ஒரு பெண் அவருடைய இரண்டு கையையும் பிடித்து, தட்டுத்தடுமாறிய தமிழில், "உங்கட ஹஸ்பண்ட் காலமானதுக்கு எங்கட அனுதாபம்" என்றாள். நல்ல மனதோடு சொன்னதுதான். அக்கா தலையை ஆட்டினார். தாரை வார்க்கத் தம்பியும் பெண்சாதியும் இருந்தார்கள். தாலி ஏறும்போது அக்கா தூணோடு நின்று பூ எறிந்தார். மகள் காலில் விழுந்தபோது தூக்கி நெற்றியில் கொஞ்சினார். ஆனால் பேசவில்லை.

நிதர்சனா கனடாவுக்குப் போன பிறகு அக்கா மறுபடி கொட்டகைக்குப் போனார். ஃபோனில் சுற்றிய அழைப்பிதழ் அதற்கு முன்பே அங்கே போய்விட்டது. வெளிநாட்டில் எல்லோருக்கும் யாரோ ஒருவர் இருக்கிறார் அல்லவா. அன்றைக்கு என் அத்தையும் அங்கே இருந்தார், மகனைத் தேடி. அவர்தான் எனக்குச் சொன்னார்.

சின்னம்மா என்ற தாய் கேட்டாளாம்: "யோகம், நீங்களே செத்திட்டாரெண்டு அடிச்சு உலகமெல்லாம் அனுப்பிப்போட்டியள். நாளைக்கு ஒரு அதிகாரி இதைத் தூக்கிக் காட்டி, 'குடும்பமே ஒத்துக்கொண்டிட்டுது' எண்டால் எங்கட பிள்ளையளுக்கு என்ன பதில்? இனி நீங்கள் ஏன் இங்க?"

அக்கா பையிலிருந்து நாங்கள் அடித்த அட்டையை எடுத்துத் தமிழ்ப் பக்கத்தை விரித்துக் காட்டினாராம்.

"அது இங்கிலிஷில மட்டும்தான். தமிழில அவர் இருக்கிறார்."

யாரும் அட்டையை வாங்கிப் பார்க்கவில்லை. ஒருத்தி மட்டும் சற்றுத் தள்ளி இருந்து பாயில் இடம் விட்டாளாம். அக்கா அதில் இருக்கவில்லை. கொட்டகைக்கு வெளியே, வெயிலில், படத்தை மடியில் வைத்துக்கொண்டு மத்தியானம் வரை இருந்துவிட்டு வீட்டுக்குப் போனார்.