குட்டைப் பக்கம்

வேலிக் கேட்டின் சாவியைக் கேட்கிறார்கள் என்று சென்னம்மா வந்து சொன்னபோது பேகம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது.

“எந்தக் கேட்டு?”

“குட்டைக் கேட்டுதாக்கா. மதியம் வந்தவரு தோள்ல துண்டப் போட்டுக்கினு நிக்கிறாரு. ஒரு முங்கு போட்டுட்டு வரேங்கறாரு.”

சென்னம்மா விருந்தாளிகள் தங்கும் வீட்டைக் கூட்டிப் பெருக்கி, அவர்களுக்குச் சமைத்துப் போடுகிறவள். எதற்கும் பதறாதவள். அவள் முகமே சரியில்லை. பேகம் அரிசியைப் போட்டது போட்டபடி எழுந்தாள்.

வேப்பனப்பள்ளிக்குப் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி, மாந்தோப்புக்கு நடுவில் இருக்கிறது அவர்கள் வீடு. முன் வீட்டை வாரக்கடைசியில் தங்க வருகிறவர்களுக்கு விடுகிறார்கள். பெங்களூரிலிருந்துதான் அதிகம் வருவார்கள். பின்னால் இருக்கும் இரண்டு அறையில் பேகம் இருக்கிறாள். ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கும் மகன் அதீப்தான் போனில் புக்கிங் எல்லாம் பார்த்துக்கொள்கிறான். தோப்பின் மேட்டில் பண்ணைக்குட்டை. சொட்டுநீருக்காக வெட்டி, கறுப்புப் பிளாஸ்டிக் விரித்து, போர்வெல் தண்ணீரை நிரப்பி வைத்தது. மேலே நின்று பார்த்தால் வானம் உள்ளே கிடப்பது போல இருக்கும்.

அந்தத் தண்ணீரில்தான் பேகத்தின் கணவர் சாந்த் பாஷா இறந்தார். மோட்டார் பைப்பின் சல்லடையில் பாசி அடைத்திருந்தது. எடுக்கப் போனவர் சறுக்கி விழுந்தார். கிணற்றில் குதித்துக் குதித்து வளர்ந்தவர், நீச்சல் அவருக்கு நடப்பது மாதிரி. ஆனால் பாசி பிடித்த பிளாஸ்டிக் சரிவில் கால் நிற்காது, கை பிடிக்க ஒன்றும் இருக்காது. நீந்தி நீந்திக் கரைக்கு வந்து, ஏற முடியாமல் ஓய்ந்து போயிருக்கிறார். சரிவின் பாசியில் பத்து விரல்களும் கீறின கோடுகள் இருந்தன. எல்லாப் பக்கமும்.

அதற்குப் பிறகுதான் வேலி வந்தது. நாலு பக்கமும் முடிச்சுப் போட்ட கயிறு வந்தது. வருகிறவர்களுக்கு வைக்கும் குறிப்பையும் அவளே உட்கார்ந்து எழுதினாள். வாங்க, வழியில் களைத்திருப்பீர்கள், பானையில் தண்ணீர் இருக்கிறது என்று தொடங்கி, கீசர் சுவிட்ச் கதவுக்குப் பின்னால், கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் விளக்கும் ஃபேனும் மட்டும் ஓடும், குரங்கு வரும் ஜன்னலைச் சாத்துங்கள், காய்ப்பு நாளில் கீழே விழுந்த மாம்பழம் உங்களுடையது, அவசரமென்றால் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்கு இப்படிப் போக வேண்டும் என்றெல்லாம் எழுதி, கடைசியில் குட்டையைப் பற்றி நாலு வரி. அதீப் அதை இங்கிலீஷில் மாற்றி, லேமினேட் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தான்.

கேட்டருகில் நின்றவர் அசோக்குமார். மதியம்தான் வந்து ஆதாரைக் காட்டினவர். பக்கத்தில் மனைவி தர்ஷினி, அவள் இடுப்பை விட்டு இறங்காத ஒரு பெண் குழந்தை.

“சாவி தர முடியாதுங்க” என்றாள் பேகம்.

“ஏம்மா? எனக்கு நல்லா நீச்சல் தெரியும். எங்க ஊரு ஆத்துல அக்கரைக்குப் போய்ட்டு வர்றவன்.”

“கார்டு படிக்கலியா?”

“படிச்சிட்டுத்தாம்மா வந்தேன். நீச்சல் தெரியாதவங்க குட்டைப் பக்கம் போக வேண்டாம்னு போட்டிருக்கு. எனக்குத்தான் தெரியுமே.”

அவள் எழுதியது அதுவல்ல. யாரும் இறங்கக் கூடாது, நீச்சல் தெரிந்தவர்களும் கூடாது, தெரிந்தவர்தான் இதில் செத்தார் என்று எழுதியிருந்தாள். பேகத்துக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. மகன் அதை அப்படியே மாற்றியிருக்கிறான் என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தாள்.

முந்தானை முடிச்சிலிருந்து சாவியை எடுத்துக் கேட்டைத் திறந்தாள். “வாங்க. அந்த முதல் முடிச்ச ரெண்டு கையாலயும் புடிங்க. விடாதீங்க. இப்ப ஒரு கால சரிவுல வைங்க.”

அவர் சிரித்துக்கொண்டே வைத்தார். அடுத்த கணம் இரண்டு காலும் ஓடிப்போய் முட்டி வரை தண்ணீருக்குள் இருந்தார். எழ முயன்றார், மறுபடி சறுக்கினார். கயிறு விறைத்து முறுகியது. சென்னம்மா ஓடி வந்து அவர் கையைப் பிடித்தாள். பேகம் குரலை உயர்த்தவில்லை.

“கயிறு இல்லன்னு நெனச்சுப் பாருங்க. எங்க வீட்டுக்காரரு எறங்கினப்ப இல்ல.”

மேலே வந்தவர் முகம் வெளிறிக் கிடந்தது. தர்ஷினி குழந்தையை இறுக்கிக்கொண்டு கேட்டாள். “இத ஏம்மா எங்ககிட்ட சொல்லல?”

“நான் சொன்னேன். என் மவன் மறைச்சிட்டான்.”

அந்த நேரத்தில்தான் அதீப்பின் பைக் சத்தம் கேட்டது. விருந்தாளிகளை வரவேற்க என்று சிரித்த முகமாக வந்தான். நனைந்த பேண்ட்டையும் திறந்த கேட்டையும் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

“அந்தக் கார்டக் கழட்டிக்கினு வா” என்றாள் பேகம்.

“அப்புறம் பேசலாம்மா. கெஸ்ட் இருக்காங்க.”

“இருக்கட்டும். இவங்க உயிருக்குத்தான் பேசறேன். கழட்டிக்கினு வா.”

கொண்டு வந்தான். “நான் எழுதாமலா விட்டேன்? தெரியாதவங்க போகாதீங்கன்னு போட்டேன். நீ எழுதினத அப்படியே போட்டப்ப என்னா ஆச்சு தெரியுமா? எழவு வீட்டுல தங்குன மாதிரி இருக்குன்னு ஒருத்தி ஆப்புல ரிவ்யூ எழுதிட்டா. அதப் படிச்சிட்டு ரெண்டு குடும்பம் கேன்சல் பண்ணுச்சு.”

“எழவு வீடுதாண்டா இது.”

“அம்மா.”

“உங்க அத்தாவுக்கு நீச்சல் தெரியாதா?”

அவன் கேட்டை இழுத்துச் சாத்தப் போனான்.

“சொல்லு. தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்.”

“அப்ப யாருக்காக எழுதின அத? தெரியாதவன் எப்பவும் கரையிலதான் நிப்பான். தெரிஞ்சவனத்தான வா வான்னு கூப்புடுது உன் கார்டு.”

அசோக்குமார் குறுக்கே வந்தார். “விடுங்கம்மா. எனக்கு ஒண்ணும் ஆகல.”

“உங்களுக்கு ஆகலீங்க. அடுத்த வாரம் வர்றவனுக்கு?” என்றவள் மகனிடம் திரும்பினாள். “பேனா எடு. எழுது. இந்தப் பொண்ணு வாசிச்சு எனக்குத் தமிழ்ல சொல்லட்டும். இனிமே உன்ன நம்ப மாட்டேன்.”

பைக் சீட்டில் கார்டை வைத்து, பழைய வரியை அடித்துவிட்டு மார்க்கரால் எழுதினான். தர்ஷினி எட்டிப் பார்த்து வாசித்தாள். “யாரும் தண்ணிக்குள்ள இறங்கக் கூடாது. பிளாஸ்டிக் வழுக்கும், ஏற முடியாது. இந்த வீட்டோட ஓனர் இதுல இறந்துட்டாரு.”

“ஓனர்னா யாரு?” என்றாள் பேகம். “கடைக்காரன் மாதிரி. ‘என் அத்தா’ன்னு எழுது.”

மார்க்கர் நகரவில்லை. அப்பனை அடக்கம் பண்ணி மண் கொடுத்துவிட்டு வந்த நாளிலிருந்து, அத்தா என்ற அந்த வார்த்தையை அவன் சொல்லி அவள் கேட்டதில்லை. மனம் இளகப் பார்த்தது. அவள் விடவில்லை. இளகினால் கார்டு பழையபடி ஆகிவிடும்.

அடித்தான். மேலே எழுதினான். எழுத்து கோணிக்கொண்டு போனது.

“நல்லா நீச்சல் தெரிஞ்சவருன்னும் போடு.”

போட்டான். மூக்கை முழங்கையால் துடைத்துக்கொண்டான்.

“ஆப்புல என்னா போட்டிருக்க?”

அவன் சொன்னான். பக்கத்தில் ஏரி, குட்டை, குளம் உண்டா என்று ஆப்பிலேயே ஒரு கேள்வி இருக்கிறதாம். இல்லை என்று வைத்திருக்கிறானாம்.

பேகம் கையை ஓங்கிவிட்டாள். தர்ஷினியின் குழந்தை பார்த்துக்கொண்டிருந்ததால் கை இறங்கியது.

“இப்ப, என் கண்ணு முன்னாடி மாத்து. காசு போட்டு வர்றதுக்கு முன்னாடியே தெரியட்டும். பயந்தவன் வராம போகட்டும்.”

“யாருமே வரலன்னா?”

“பூட்டிப் போடு. மாங்கா வித்துச் சாப்புட்டுக்குறேன்.”

அவன் போனை எடுத்தான். தோப்பில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். மேட்டில் ஏறிப் போனை உயர்த்திப் பிடித்தான். அவள் கேட்டைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, அவன் பக்கத்திலேயே போய் நின்றாள்.