விண்டோ திறந்திருந்த வாரம்

நோயாளியின் நரம்பில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் பம்புகளைச் செய்கிற கம்பெனி அது. சோதனைக்கூடத்துக்குப் பொறுப்பாக இருந்தவனை அங்கே எல்லாரும் தராசு என்றுதான் கூப்பிட்டார்கள். எதையும் நிறுத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டான். கடையில் கத்தரிக்காய் வாங்கினாலும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவான். அப்படிப்பட்டவன் பதினோரு வருஷச் சேமிப்பில் பத்தில் ஒன்பது பங்கை ஒரே இடத்தில் கொட்டி வைத்திருந்தான். எந்த இடம் என்கிறீர்களா? தன் கம்பெனியின் ஷேர்களில்தான்.

கேட்டால் நியாயம் சொல்வான். ஊழியர்களுக்குப் பதினைந்து சதவீதம் தள்ளுபடியில் ஷேர் கிடைத்தது. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னான். வருஷாவருஷம் போனஸாகவும் ஷேர் வந்தது. அதற்கு மேல் ஆப்ஷன் என்று ஒன்று: சந்தையில் என்ன விலை போனாலும் ஒரு ஷேரை ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கிக்கொள்ளும் உரிமை. இப்போது விலை ஆயிரத்து இருநூறு. இத்தனை வந்தும் ஒன்றைக்கூட அவன் விற்றதில்லை.

"பம்பைக் கழட்டி மாட்டுறவன் நான். இந்தக் கம்பெனியப் பத்தி என்னைவிட யாருக்குத் தெரியும்?" என்பான்.

அவன் மனைவி பல் டாக்டர். பன்னிரண்டு வருஷமாக இன்னொருவர் கிளினிக்கில், இன்னொருவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தாள். சொந்தமாக ஒரு கிளினிக் வேண்டும் என்பது அவள் ஆசை. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இரண்டு அறை கொண்ட ஓர் இடம் அமைந்தது. தன் கையிலிருந்த பணம் முழுவதையும் அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டாள். மாதக் கடைசிக்குள் மீதியைக் கட்டாவிட்டால் இடமும் போகும், அட்வான்ஸும் போகும். ஷேர்களில் பாதியை விற்றால் தாராளமாகக் கட்டலாம்.

"சம்பளம் அங்கிருந்துதான் வருது. ஆஸ்பத்திரி இன்சூரன்ஸும் அவங்க கொடுக்கறதுதான். சேமிப்பும் அங்கேயே கிடந்தா, அங்க ஏதாவது ஒண்ணு ஆனா எல்லாம் சேர்ந்துல்ல போகும்?" என்று மூன்று மாதம் முன்பே கேட்டிருந்தாள்.

"ஆயிரத்து முந்நூறு தொடட்டும். வித்துடறேன்" என்றான் அவன்.

நினைத்த நேரத்தில் விற்கவும் முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு வெளியான பிறகு சில வாரங்கள்தான் ஊழியர்கள் விற்கலாம். அதை அவர்கள் விண்டோ என்பார்கள். பொறுப்பில் இருப்பவர்கள் அதற்கு மேல் சட்டப் பிரிவில் அனுமதியும் வாங்க வேண்டும். இந்தத் தடவை மனைவி விடவில்லை. விண்டோ திறந்த திங்கட்கிழமையே அவன் அனுமதி வாங்கினான். வெள்ளி வரை செல்லும். விலை அன்று நாற்பது ஏறியிருந்தது. இன்னும் மூன்று நாள் ஏறட்டும், வியாழன் விற்கலாம் என்று மொபைலை மூடி வைத்தான். அந்த நாற்பதுதான் அவன் கண்ணை மறைத்தது.

செவ்வாய் மதியம் சோதனைக்கூடத்தில் இருபது பம்புகள் எழுநூறு மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்தன. குழாயில் காற்றுக்குமிழி வந்தால், அது நரம்பில் ஏறி உயிருக்கு ஆபத்தாகும் முன் பம்பு அலறி நிற்க வேண்டும். அவன் வேண்டுமென்றே குமிழியை விட்டான். பதினேழு பம்புகள் அலறின. மூன்று வாயே திறக்கவில்லை. குமிழியை அப்படியே உள்ளே தள்ளின.

மறுபடி விட்டான். அதே மூன்று. கழற்றிப் பார்த்தால், குமிழியைக் கண்டுபிடிக்கும் சென்சார் சூடேறி இடம் நகர்ந்திருந்தது. அதே சென்சார் வைத்த பம்புகள் எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் அந்த நிமிடமும் ஓடிக்கொண்டிருந்தன. அவனுக்கு முதலில் நினைவுக்கு வந்தது முகம் தெரியாத நோயாளி. அடுத்தது வியாழக்கிழமை. இரண்டாவதாகத்தானே வந்தது என்று அவனுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

அறிக்கையை எழுதி அனுப்பிவிட்டு, சட்டப் பிரிவு மேடத்தின் அறைக்குப் போனான்.

"மேடம், என் அனுமதி வெள்ளி வரைக்கும் இருக்குல்ல?"

"இருக்கு. நேத்து கையெழுத்துப் போட்டப்போ, வெளிய தெரியாத விஷயம் எதுவும் எனக்குத் தெரியாதுன்னு எழுதிக் கொடுத்தீங்க. இன்னிக்கும் அப்படித்தானே?"

அவன் பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பினான். மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"என்னன்னு எங்கிட்ட சொல்ல வேண்டாம், அது வர்ற வழியில வரும். ஆனா நீங்க விக்க முடியாது. வீட்டுல யாருக்கும் சொல்லவும் கூடாது. தெரிஞ்சு வித்தா வேலை மட்டும் இல்ல, ஜெயில் வரைக்கும் போகும்."

"மத்தவங்க விக்கிறாங்களே?"

"அவங்களுக்குத் தெரியாது. அதனால விக்கலாம்."

பம்பைப் பற்றி யாரைவிடவும் தனக்குத் தெரியும் என்பதுதான் அவன் பெருமை. அந்தத் தெரிதலே இப்போது கையைக் கட்டிப் போட்டது. வராந்தாவில் கேன்டீன்காரர் தேநீர் நீட்டினார். தன்னிடமிருந்த கொஞ்சம் ஷேரை விற்று மகளுக்குச் சைக்கிள் வாங்கப்போவதாகச் சொன்னார். "நல்லது அண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தான்.

வியாழன் சாயங்காலம் மனைவி கேட்டாள். "வித்தாச்சா?"

"இல்ல."

"ஏன்?"

"இப்போ முடியாது."

"முடியாதா, மனசு வரலையா?"

வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டான். அவள் சுவர் நிறம் பார்க்க வாங்கி வைத்திருந்த அட்டைகளை மேசையிலிருந்து எடுத்து அடுக்கினாள். சத்தம் போட்டுச் சண்டை பிடித்திருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அன்றிலிருந்து அவள் வேண்டிய பேச்சு மட்டும் பேசினாள்.

அறிக்கை போன பதினோராம் நாள் கம்பெனி விஷயத்தை அறிவித்து, பம்புகளைத் திரும்பப் பெற்றது. விலை அன்றே மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. பிறகு நாளுக்கு நாள் வழுக்கியது. அவன் விற்கலாம் என்று சட்டப் பிரிவு சொன்னபோது நானூற்றுப் பத்து. ஐந்நூறுக்கு வாங்கும் உரிமை அதன்பின் வெறும் காகிதம். போன வருஷம் வந்த போனஸ் ஷேருக்கு ஆயிரத்து நூறு விலை போட்டு வரியைப் பிடித்திருந்தார்கள். இல்லாத பணத்துக்குக் கட்டிய வரி. எல்லாவற்றையும் விற்றாலும் மீதித் தொகைக்குப் போதாது, கெடுவும் தாண்டியிருந்தது. இடமும் போயிற்று, அவள் அட்வான்ஸும் போயிற்று.

அடுத்த மாதம் ஆலையில் பாதியை மூடினார்கள். குறையைக் கண்டுபிடித்த சோதனைக்கூடமும் அந்தப் பாதியில்தான் இருந்தது. தருவதாகச் சொல்லி இன்னும் கைக்கு வராத போனஸ் ஷேர்கள் வேலையோடு சேர்ந்து ரத்தாயின. இன்சூரன்ஸ் மாதக் கடைசியோடு முடியும் என்று ஒரு கடிதம் வந்தது.

கடிதத்தை மனைவியிடம் கொடுத்துவிட்டு, அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னான். மூன்று பம்புகள், மேடம், ஜெயில், எதையும் மறைக்கவில்லை. இனி மறைக்க ஒன்றும் இல்லை. அவள் கடைசிவரை கேட்டாள்.

"நீங்க செஞ்சது சரி. அந்தப் பம்பு யார் வீட்டு ஆளுக்கு வேணும்னாலும் ஓடியிருக்கலாம்" என்றாள்.

அவனுக்குக் கண் கலங்கியது. இத்தனை நாள் சுமந்ததை இறக்கி வைத்துவிட்டோம் என்று நினைத்தான்.

"செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் விக்க முடியல. சரி. திங்கட்கிழமை உங்களுக்கு என்ன தெரியும்?"

அவள் விடவில்லை.

"அதுக்கு முந்தின விண்டோவில? அதுக்கும் முந்தினதுல?"

"ஒண்ணும் தெரியாது" என்றான்.

அவள் கடிதத்தை மடித்து உறையில் வைத்தாள். மாலை ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, பையை எடுத்துக்கொண்டு அந்த இன்னொருவர் கிளினிக்குக் கிளம்பினாள்.