அவசரத்துக்கு எந்த நம்பர்?

அன்று காலை குடியிருப்போர் சங்கச் செயலாளருக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தக் குடியிருப்பின் லிஃப்ட் பராமரிப்பு அன்றுமுதல் புதுக் கம்பெனியிடம் போகிறது. அறிவிப்பை அவளே டைப் அடித்து, அவளே பிரிண்ட் எடுத்து, ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். லிஃப்டுக்குள்ளும் ஒன்று. புகாருக்கு ஒரு நம்பர், அவசரத்துக்கு ஒரு நம்பர். இனி யார் வேண்டுமானாலும் நேராகக் கூப்பிடலாம்.

இந்தக் கடைசி வரிதான் அவள் மாமனாருக்கு எரிச்சல். பத்து வருஷம் செயலாளராக இருந்தவர் அவர். பழைய கம்பெனி மெக்கானிக்கின் நம்பர் அவர் போனில் மட்டும்தான் இருந்தது. லிஃப்ட் நின்றால் ஊரே அவர் வீட்டுக் கதவைத் தட்டும். அவரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமிவிட்டுத்தான் பேசுவார். பழைய கம்பெனிக்காரன் வரும்போது வருவான். அது வேறு கதை.

பொதுக்கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அவர் எழுந்து கேட்டிருந்தார்: "உள்ள ஆள் மாட்டிக்கிட்டா, உன் புதுக் கம்பெனி அரைமணியில வருமா? வரலேன்னா?"

மருமகளுக்கு வாய் சும்மா இருக்குமா? "வரலேன்னா நான் பதவிய விட்டு இறங்கிடறேன், மாமா."

சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆசைப்பட்டு வாங்கிய பதவி அது.

மதியச் சாப்பாட்டுக்கு அப்போதுதான் உட்கார்ந்தவளுக்குக் கீழேயிருந்து வாட்ச்மேனின் போன். "அம்மா, லிஃப்ட் மூணுக்கும் நாலுக்கும் நடுவுல நின்னுபோச்சு. உள்ள ஐயா இருக்காரு!"

எந்த ஐயா என்று கேட்கத் தேவையே இல்லை. சாப்பிட்ட கையைக் கழுவினாளோ இல்லையோ, படியில் தடதடவென்று இறங்கி வாட்ச்மேன் அறையில் லிஃப்டுக்குள் பேசுவதற்கென்று இருந்த இன்டர்காமைப் பிடித்தாள்.

"மாமா! நல்லா இருக்கீங்களா? மூச்சு முட்டுதா?"

"முட்டல. ஃபேன் ஓடுது."

"கதவ மட்டும் தொடாதீங்க. இதோ நான் அவசர நம்பருக்கு..."

"வேணாம். நானே பேசிட்டேன். ஆள் கிளம்பிட்டானாம்."

அவளுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "நீங்களா? எப்ப பேசினீங்க?"

"இப்பதான். மொதல்ல நம்ம மெக்கானிக்கதான் கூப்பிட்டேன். ஒப்பந்தம் முடிஞ்சிடுச்சுங்க, மெஷின் ரூம் சாவியக்கூட குடுத்துட்டோம், இனிமே நாங்க தொட்டா தப்புங்கறான். பத்து வருஷப் பழக்கம், ரெண்டு நிமிஷத்துல முடிச்சிட்டான்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்புறம் கையில இருந்த நோட்டீஸப் பாத்தேன்."

"கையிலயா? உள்ள செவுத்துல ஒட்டியிருந்தேனே?"

"கிழிச்சிட்டேன்."

வாட்ச்மேன் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் மனசு கடிகாரத்தில் இருந்தது. சேதி பரவி மூன்றாம் மாடியில் கூட்டம் கூடிவிட்டது, அவளும் படியேறி அங்கே போனாள். கடப்பாரை கொண்டுவந்து கதவை நெம்பலாம் என்று ஒருவர் யோசனை சொல்ல, "யாராவது கதவுமேல கை வெச்சீங்க, நடக்கறதே வேற!" என்று செயலாளர் போட்ட சத்தத்தில் அவர் இரண்டு படி கீழே இறங்கிவிட்டார்.

வாசலில் ஒரு பைக் வந்து நின்றபோது அரைமணி ஆக இன்னும் நேரம் இருந்தது. அவளுக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. வந்தவர்கள் இருவர். ஒருவர் மொட்டைமாடி மெஷின் ரூமுக்கு ஓடி மெயின் ஸ்விட்சை அணைத்தார். பிரேக்கைத் தளர்த்திச் சக்கரத்தைக் கையாலேயே மெல்லச் சுற்றி, லிஃப்டை மூன்றாம் மாடித் தரைக்குச் சரியாக இறக்கினார். மூன்றாம் மாடியில் நின்ற மற்றவர் சாவி போட்டுக் கதவைத் திறந்தார்.

மாமனார் வெளியே வந்தார். சட்டை நனைந்திருந்தது, மிடுக்கு மட்டும் குறையவில்லை. அவர் வாயிலிருந்து என்ன வருமோ என்று அவள் ஓர் எட்டு முன்னால் வந்தாள்.

"நேரத்துக்கு வந்துட்டாங்க," என்றார் எல்லாருக்கும் கேட்கிறமாதிரி. "கம்பெனிமேல எனக்கு ஒண்ணுமில்ல. நோட்டீஸ் எழுதினவங்கமேலதான் புகார்."

யாரோ கைதட்டப் போய் நிறுத்திக்கொண்டார்கள்.

கசங்கிய தாளை அவள் முன்னால் நீட்டினார். "புகார் நம்பர மேல போட்டிருக்க. மாட்டிக்கிட்டவன் மேல இருக்கறதத்தானே அடிப்பான்? நானும் அடிச்சேன். புகாரப் பதிவு பண்ணிக்கிட்டோம், நாளைக்கு ஆள் வரும்னு ஒரு மெஷின் பேசுது! அவசர நம்பர் மேல வரணும். எழுத்தும் எறும்பு மாதிரி இருக்கு. உள்ள அந்தச் சின்ன லைட்டுல கண்ணு தெரிய வேணாமா?"

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. "இப்பவே மாத்திடறேன், மாமா."

"இன்னொண்ணு." அவர் தாளின் அடியில் விரலை வைத்தார். குரல் இறங்கியிருந்தது. "கீழ வெறுமனே செயலாளர்னு இருக்கு. யாருன்னு தெரியலேன்னா ஜனங்க பழக்கத்துல என் கதவத்தான் வந்து தட்டுவாங்க. உன் பேரப் போடும்மா."