நூற்று நாற்பத்து நாலு

வௌவாலம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அலுவலகத்தில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். குகை வௌவால்களைக் கணக்கெடுக்கும் ஆய்வாளர் அவள். போன வருஷம் குகையைச் சுற்றிப் பார்க்க வந்த கூட்டமும் டார்ச் வெளிச்சமும் தாங்காமல் தாய்கள் மிரண்டு பறந்ததில், அறுபத்தொரு குட்டிகள் கூரையிலிருந்து விழுந்து செத்தன. அத்தனையையும் தன் கையால் பொறுக்கியவள்.

குகைக்குள் நிற்க இடம் எவ்வளவு, ஒரு குழு வெளியே வந்தபின் உள்ளே ஆட்களின் உடம்புச் சூடு தணிய எவ்வளவு நேரம், படி வழுக்கும் மழை நாள் எத்தனை என்று பார்த்துப் பார்த்துக் கழித்து, ஒரு நாளைக்குத் தொண்ணூற்றாறு பார்வையாளர்கள் என்று அறிக்கையில் எழுதியிருந்தாள். குட்டி போடும் நாலு மாதம் குகையை மூட வேண்டும்.

இயக்குநர் கால்குலேட்டரைத் தட்டினார். "நாலு மாசம் யாருமே வரலேல்ல? அந்தக் கணக்கை மிச்ச எட்டு மாசத்துல சேத்துக்கலாம். நூத்தி நாப்பத்து நாலு!"

"சார், இது என்ன லீவா, சேத்து வச்சு எடுக்கறதுக்கு? அன்னன்னைக்கு உள்ள போற சூடுதான் சார் கணக்கு."

"ரொம்பப் படிச்சா இப்படித்தான். கையெழுத்தைப் போடும்மா."

அடப்பாவி மனுஷா என்று மனசுக்குள் வைதுகொண்டே கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். தொண்ணூற்றாறு பேருக்குக் குகைக் காவலர் தேவை எட்டு, இருப்பது எட்டு. இயக்குநர் சொன்னதை நம்பி அவளே எழுதியதுதான்.

"சார், காவலர் குறைஞ்சா பார்வையாளர் எண்ணிக்கையும் அதே அளவுக்குக் குறையணும். திங்கக்கிழமை மேற்பார்வைக் குழு வந்து குகை வாசல்ல காவலர் தலையை எண்ணும். பொய்னா குகைக்கே பூட்டு. எட்டு பேரும் எங்க சார்?"

இயக்குநர் விரல் விட்டு எண்ணினார். ரெண்டு பேர் குகையில். ரெண்டு பேர் இங்கே ஃபைல் தூக்க. ஒருவர் அவர் வீட்டுச் சமையலுக்கு, ஒருவர் தோட்டத்துக்கு, ஒருவர் பையனைப் பள்ளியில் விட. மாமியார் வீட்டு கேட்டில் ஒருவர்.

"அப்ப எட்டுல ரெண்டு. தொண்ணூத்தாறுல கால்வாசி, இருபத்து நாலு. இல்லேன்னா ஆறு பேரையும் குகைக்கு அனுப்புங்க. அப்பவும் தொண்ணூத்தாறுதான்."

இயக்குநர் மனைவிக்கு ஃபோன் போட்டார். "சமையல்காரரைக் கொஞ்ச நாள்..." என்று ஆரம்பித்தவர், மறுமுனையில் விழுந்த திட்டைக் கேட்டுக்கொண்டார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, நூற்று நாற்பத்து நாலை அடித்துவிட்டு இருபத்து நாலு என்று எழுதினார்.

"வௌவாலும் உயிர்தானேம்மா" என்றார்.

வௌவாலம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. குட்டிகள் பிழைத்தன. அறுபத்தொரு குட்டிகளின் படத்தை இதே மேஜையில் வைத்தபோது, மனுஷர் கண்ணாடியைக்கூடப் போட்டுப் பார்க்கவில்லை.

ஃபோன் மறுபடி அடித்தது. இயக்குநர் எழுந்து நின்று கேட்டார். "சரிம்மா... சரி... அனுப்பறேன்."

"என்ன சார்?"

"வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கணுமாம். குகையிலேருந்து ஒருத்தரை வரச் சொல்றா" என்றவர், இருபத்து நாலையும் அடித்துவிட்டுப் பன்னிரண்டு என்று எழுதினார்.