நம்ம வாயால் தெரியட்டும்

அந்தச் சலவைக்கூடத்தில் ஏதாவது ஓர் இயந்திரம் மக்கர் பண்ணாத நாளே கிடையாது. அன்று காலை முறை வைத்துக்கொண்டது துண்டு உலர்த்தும் இயந்திரம். மேனேஜர் அதன் கதவைப் பிடித்து ஒரு கையால் இழுத்துக்கொண்டே மறு கையால் போனை எடுத்தாள். பேசியது பெரிய ஓட்டலின் கொள்முதல் அதிகாரி. வழக்கமாக ஒரு தலையணை உறை குறைந்தாலே குதிக்கிற மனிதர், அன்று தேன் தடவிய குரலில் பேசினார். அவள் இயந்திரக் கதவை விட்டுவிட்டு நேராக நின்றாள்.

ஓட்டல் சொந்தமாகச் சலவைப் பிரிவு தொடங்குகிறதாம். அடுத்த மாதக் கடைசியோடு ஒப்பந்தம் முடிகிறது. உங்கள் வேலையில் ஒரு குறையும் இல்லை, மேலிடத்து முடிவு என்று மூன்று முறை சொன்னார். குறையில்லை என்று சொல்லிக் கழற்றிவிடப்படுவது என்ன ஆறுதல் என்று அவளுக்கு விளங்கவில்லை. இருந்தாலும் நன்றி சொன்னாள். கடிதமாக அனுப்பச் சொன்னாள். கடைசி நாள் எது என்று இன்னொரு முறை கேட்டு உறுதி செய்துகொண்டாள். கூடத்துக்கு வருகிற துணியில் பாதிக்கு மேல் அந்த ஓட்டலுடையது.

முதலாளி அவளுடைய சொந்த அண்ணன். விஷயத்தைக் கேட்டதும் முதலில் ஓட்டல்காரனைத் திட்டினார். பிறகு ஓட்டல்காரனின் அப்பாவை. கடைசியில் நாற்காலியில் சாய்ந்து, இது யாருக்கும் தெரியக்கூடாது என்றார்.

எப்படித் தெரியாமல் போகும் என்று அவள் கேட்டாள். வேன் டிரைவர் தினமும் அந்த ஓட்டலின் பின்வாசலுக்குப் போகிறவர். அங்கே புது இயந்திரம் வந்து இறங்கினால் முதலில் பார்ப்பதே அவர்தான். அவருக்குக் கூடத்தில் வைத்திருக்கும் பெயர் ரேடியோ.

"அண்ணா, அவங்களுக்கு இது எப்படியும் தெரியப்போகுது. நம்ம வாயால தெரியட்டும். மதியம் எல்லாரையும் கூப்பிட்டு நானே சொல்றேன். அதுவரைக்கும் நீ யார்கிட்டயும் மூச்சு விடாத. கூட்டத்துலயும் நான் மட்டும் பேசறேன்."

அண்ணன் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். அவள் அறைக்குப் போய், என்ன சொல்வது, எதைச் சொல்ல முடியாது என்று மனத்துக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அண்ணன் தன் மனைவிக்குப் போன் போட்டார். மனைவி என்பவள் யாரோ இல்லையே, சொல்லாமல் எப்படி இருப்பது என்பது பிறகு அவர் கொடுத்த விளக்கம். அண்ணி தன் தங்கைக்குப் போட்டாள். அந்தத் தங்கை வேலை பார்த்தது இதே கூடத்தின் மடிப்புப் பிரிவில்.

டீ நேரம் முடிவதற்குள் கூடம் விற்றுப்போயிருந்தது. வாங்கியவன் இடித்துவிட்டுக் கார் நிறுத்துமிடம் கட்டப்போகிறான் என்பதுவரை செய்தி வந்திருந்தது. உருளை இஸ்திரியில் விரிப்பை நுழைக்கிறவர்கள் நுழைக்காமல் நின்றார்கள்; மறுபுறம் வாங்குகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நடுவில் உருளை மட்டும் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணியின் தங்கை ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். தான் கொளுத்திப்போட்ட வெடிக்குத் தானே பயந்தவள் அவள் ஒருத்திதான்.

மேனேஜருக்கு வந்த கோபத்தில் பாய்லர் இல்லாமலே நீராவி தயாரித்திருக்கலாம். அண்ணன் அறைக்குப் போய் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று கால் துறுதுறுத்தது. அதற்கு இப்போது நேரமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, குழாயடியில் முகத்தைக் கழுவினாள். மதியம்வரை காத்திருப்பது இனி ஆகாது. எல்லா இயந்திரங்களையும் நிறுத்தச் சொன்னாள்.

இயந்திரங்கள் நின்றபோதுதான் அந்த இடம் எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. ஈரத் துணி வாடைக்கு நடுவே எல்லோரும் தள்ளுவண்டிகளில் சாய்ந்துகொண்டு நின்றார்கள். அவள் மேசை மேல் ஏறவில்லை. அவர்களோடு தரையிலேயே நின்று, இஸ்திரிப் பிரிவுக்கு மறுநாள் வேலை சொல்கிற அதே குரலில் பேசினாள்.

"காலையில பெரிய ஓட்டல்லேர்ந்து போன் வந்துச்சு. அடுத்த மாசக் கடைசியோட நம்மகிட்ட துணி கொடுக்கறத நிறுத்தறாங்க. சொந்தமா சலவை போடறாங்க. நம்ம வேலையில தப்பு இல்ல. கூடத்த விக்கல, இடிக்கல. இது எனக்குத் தெரிஞ்சது. இனிமே எத்தனை ஷிப்ட் ஓடும், எல்லாருக்கும் வேலை இருக்குமான்னு எனக்குத் தெரியல. தெரிஞ்ச மாதிரி பேச மாட்டேன். வெள்ளிக்கிழமை இதே நேரம், இதே இடத்துல, அதுவரைக்கும் என்ன தெரிஞ்சிருக்கோ அதச் சொல்றேன். ஒண்ணும் தெரியலன்னாலும் வந்து அதயே சொல்றேன்."

பயம் கொஞ்சம் இறங்கி, யோசனை ஏறுகிற முகங்களாக இருந்தன. சரியாக அந்த நேரம் பார்த்து அண்ணன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தார். ஒருத்தர் வேலையும் போகாது, இது என் வாக்கு, என்று நெஞ்சில் தட்டிச் சொன்னார். பின்வரிசையில் இரண்டு பேர் கை தட்டவும் செய்தார்கள்.

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கை தட்டலோடு விட்டுவிட்டால் இன்று எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். இரண்டு மாதம் கழித்து ஒருவரை அனுப்ப வேண்டி வந்தால், அதன் பிறகு இவர்கள் இருவரும் மழை பெய்கிறது என்று சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள். அண்ணனை எல்லோர் முன்னிலும் மறுத்துப் பேசியது அவள் வாழ்க்கையில் அதுவரை நடந்ததில்லை.

"முதலாளி மனசுல இருக்கறதச் சொல்றார்," என்றாள் நிதானமாக. "யாரையும் அனுப்பக்கூடாதுன்னுதான் நானும் பாக்கறேன். ஆனா அந்த வாக்க இன்னைக்குக் கொடுக்கற நிலமையில நாங்க இல்ல. அத நம்பி யாரும் கடன் வாங்கிடாதீங்க."

அண்ணனின் முகம் துவைத்துப் போட்ட துணி மாதிரி வெளுத்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்று நாள் அவளோடு பேசவில்லை. சொல்ல வேண்டியதைக் கணக்காளர் வழியாகச் சொல்லி அனுப்பினார். இரண்டு அறைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். கணக்காளர் அதைச் சுற்றி நடந்தே இளைத்துப்போனார்.

அன்று கூட்டத்தில் கேள்விகள் வந்தன. யாரை முதலில் அனுப்புவீர்கள் என்று ஒருவர். சம்பளம் நிற்குமா என்று ஒருவர். மடிப்புப் பிரிவில் குழாய் ஒழுகுகிறதே, அதற்கு என்ன வழி என்று ஒருவர். அந்தக் கடைசி ஆளை அவள் ஒரு கணம் பார்த்தாள். பிறகு அதற்கும் பதில் சொன்னாள்.

அன்று மதியமே ரேடியோவைத் தனியாக அழைத்தாள். வண்டி போகிற இடங்களில் என்ன பார்த்தாலும் முதலில் தன்னிடம் வந்து சொல்லும்படியும், தனக்குத் தெரிந்ததை அவரிடம் ஒளிக்கமாட்டேன் என்றும் சொன்னாள். ரேடியோ சந்தேகத்தோடு தலையாட்டினார். பிறகு மற்ற வாடிக்கையாளர்களுக்கு அவளே ஒவ்வொருவராகப் போன் செய்தாள். இரண்டு மருத்துவமனை, ஒரு மாணவர் விடுதி, சில சின்ன விடுதிகள். ஒரு மருத்துவமனைக்காரர், கூடத்தை மூடிவிட்டதாகக் கேள்விப்பட்டு வேறு ஆள் தேடத் தொடங்கியிருந்தார். மூடவில்லை, ஒரு வாடிக்கையாளர் போகிறார், உங்கள் துணி வழக்கமான நேரத்துக்கு வரும் என்று அவள் ஒவ்வொரு முறையும் முதல் முறை சொல்வது போலவே சொன்னாள். தொண்டை கட்டிக்கொண்டது.

வீட்டில் கணவர், எல்லாம் நன்மைக்கே, பதற்றப்படாமல் இரு என்றார். நாள் பூராவும் பதற்றப்படாமல் இருந்ததால்தான் இப்போது உடம்பெல்லாம் வலிக்கிறது என்று அவருக்கு விளக்க அவளிடம் தெம்பில்லை. குளியலறைக்குள் போய், தண்ணீரைத் திறந்துவிட்டு, அண்ணனை, அண்ணியை, அண்ணியின் தங்கையை, கொள்முதல் அதிகாரியை வரிசையாகத் திட்டித் தீர்த்தாள். வெளியே வந்தபோது கணவர் சாப்பாடு எடுத்து வைத்திருந்தார். ஒன்றும் கேட்காதவரை நல்ல மனிதர்.

வாரத்தின் நடுவில் அடுத்த தலைவலி. ஓட்டல் விரிப்புகளில் கறை போகாமலே கட்டுக் கட்டியிருந்தார்கள். போகப்போகிறவனுக்கு இது போதும் என்று சலவைப் பிரிவில் பேச்சு. அவள் கட்டுகளைப் பிரித்துத் திரும்பத் துவைக்கச் சொன்னாள். கடைசி நாள்வரை நாம் துவைப்பதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் நம்மைப் பற்றிப் பேசுவார்கள் என்றாள். முணுமுணுப்போடு துவைத்தார்கள். முணுமுணுப்பு அவளுக்குப் போதும். சந்தோஷமாகத் துவைக்க வேண்டும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. புதிதாகச் சொல்ல அவளிடம் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. இருந்தும் இயந்திரங்களை நிறுத்தி, அதையே சொன்னாள். வேறு ஆள் தேடிய மருத்துவமனை நம்மிடமே தங்கிவிட்டது, ஷிப்ட் இன்னும் முடிவாகவில்லை, அடுத்த வெள்ளிக்கிழமை பார்ப்போம். இதற்கா கூப்பிட்டீர்கள் என்று ஒருவர் சலித்துக்கொண்டார். அவளுக்கும் அதே சலிப்புத்தான். ஆனால் கூட்டம் கலைந்ததும் பாய்லர் இயக்குகிறவர் மட்டும் போகாமல் நின்றார். எல்லோரும் அவரை ஆவி என்று கூப்பிடுவார்கள். பதினைந்து வருஷத்து ஆள்.

"அக்கா, அந்த ஓட்டல்லேர்ந்து எனக்கு ஆள் விட்டாங்க. புதுச் சலவைக்கு வரச்சொல்றாங்க. அடுத்த வாரமே வரணுமாம். உங்ககிட்ட சொல்லாமப் போயிடலாம்னுதான் இருந்தேன். நீங்க எதயும் மறைக்காமப் பேசறீங்க. எனக்கு மனசு கேக்கல."

துணியையும் எடுத்துக்கொண்டு ஆளையும் எடுத்துக்கொள்கிறார்களா என்று அவளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. ஆவி அடுத்த வாரம் போனால் பாய்லரைத் தொட உரிமம் உள்ள வேறு ஆள் இல்லை, கூடமே படுத்துவிடும். அவரிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: வேறு யாரையும் கேட்டார்களா? இஸ்திரியில் இரண்டு பேரைக் கேட்டிருந்தார்கள். அவர்களும் வாயைத் திறக்கவில்லை.

அவள் கொள்முதல் அதிகாரிக்குப் போன் செய்தாள். குரலை உயர்த்தவில்லை. உங்களுக்குப் பழகிய ஆள் வேண்டும், எனக்குக் கடைசி நாள்வரை வேலை நடக்க வேண்டும் என்றாள். ஆட்களை மறைமுகமாக இழுத்தால் உங்கள் படுக்கைக்கே நாளைக்கு விரிப்பு வராது. வெளிப்படையாகக் கேளுங்கள்; விருப்பமுள்ளவர்களை நானே சொல்கிறேன், ஒப்பந்தம் முடிந்த மறுநாள் வரட்டும், பழைய அனுபவத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மனிதர் கணக்குப் போட்டு, ஆறு பேர் தேவை என்றார்.

இதைக் கேட்டதும் அண்ணனின் பேசா விரதம் கலைந்தது. நேராக அவள் அறைக்கே வந்தார்.

"ஆளையும் தூக்கிக் கொடுக்கறியா?"

"அந்த ஆறு பேருக்கு அடுத்த மாசத்துக்கப்புறம் நீ வேலை கொடுக்க முடியுமா? முடியும்னா சொல்லு, இப்பவே போன் பண்ணி வேணாம்னு சொல்லிடறேன்."

அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வேலையில்லாமல் அனுப்பிவிட்டு அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான் அன்று அப்படி உளறிவிட்டேன் என்றார். அவளுக்கு அப்போதும் எரிச்சல் அடங்கவில்லை. ஆனாலும் அவருக்கும் சேர்த்து டீ சொன்னாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆறு இடங்களைப் பற்றி எல்லோரிடமும் சொன்னாள். ஐந்து பேர் கை தூக்கினார்கள். ஆறாவதாக அண்ணியின் தங்கை தூக்கினாள். அவர்களில் ஒருவரான ஆவி, தனக்குக் கீழே உரிமத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தவருக்கு மீதி நாட்களில் வேலையைக் கற்றுக்கொடுத்தார். கடைசி வாரம் அந்த ஆள் உரிமத் தேர்விலும் தேறிவிட்டார். மாலை ஷிப்ட் நின்றது. மீதிப் பேருக்கு மணிநேரம் குறைந்தது, அதோடு சம்பளமும். அதைச் சொன்ன நாளில் இரண்டு பேர் அவள் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். அதில் ஒருவர் மறுவாரம் வேலையை விட்டே போனார். அவரைத் தடுக்க அவளிடம் ஒன்றும் இருக்கவில்லை.

ஓட்டலின் கடைசித் துணி கறையில்லாமல் போய்ச் சேர்ந்தது. வெள்ளிக்கிழமைக் கூட்டம் மட்டும் நிற்கவில்லை. அண்ணனும் வருகிறார், தள்ளுவண்டியில் சாய்ந்தபடி பேசாமல் கேட்கிறார். பேச வாயெடுக்கும்போது தங்கையை ஒரு முறை பார்த்துக்கொள்கிறார். அவளும் ஒரு முறை அவரைப் பார்க்கிறாள். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடுகிறது.