பதினாறு அவுன்ஸ் பேண்ட்

எங்கள் ஜீன்ஸ் தையல் கூடத்தில் துணி வெட்டுவது நான், தைப்பது என் வீட்டுக்காரர், வாயாடுவதும் நான்தான். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது.

லாரிப் பட்டறைக்காரர் தன் மெக்கானிக்குகள் எல்லோருக்கும் பேண்ட் வேண்டும் என்று வந்தபோது, பழைய பேண்ட் ஒன்றையும் மேசையில் போட்டார். எட்டு அவுன்ஸ் துணி. முட்டி இரண்டும் வாயைப் பிளந்து கிடந்தன.

"போட்ட அன்னைக்கே பஞ்சு மாதிரி இருக்குன்னு பசங்க குதிச்சாங்க. மூணு மாசத்துல பல்லை இளிச்சிருச்சு. இந்தத் தடவை பதினாறு அவுன்ஸ்ல தைங்க. கனமா இருந்தாத்தான் உழைக்கும்."

ஒரு கெஜம் நீளம், ஒரு கெஜம் அகலம் உள்ள துணி எத்தனை அவுன்ஸ் நிற்கிறதோ அதுதான் டெனிமின் கணக்கு. பத்துக்குக் கீழே லேசு, பன்னிரண்டு பதினான்கு நடுத்தரம், பதினாறு வந்துவிட்டால் கனம். கனத்துக்கு நான் எதிரி இல்லை. ஆனால் யார், என்ன வேலைக்குப் போடுகிறார்கள் என்று பார்க்க வேண்டாமா?

"பன்னெண்டு போதும்ணே," என்றேன். "முட்டியில மட்டும் இன்னொரு துணி மேல வெச்சுத் தரேன். பதினாறு உழைக்கும், இல்லைங்கல. ஆனா அது உடம்புக்குப் பழகுறதுக்குள்ள உங்க ஆளுங்க ஒரு வழியாயிடுவாங்க. வண்டிக்கு அடியில படுத்து எந்திரிக்கிற வேலை."

என் வீட்டுக்காரர் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். கையில் வேறு ஆர்டர் இல்லாத நேரம். கேட்டதைத் தைத்துக் கொடுத்துவிட்டுப் போவோம் என்பது அவர் நினைப்பு. போட முடியாத பேண்ட்டை என் கையால் வெட்ட எனக்கு மனசு வரவில்லை.

கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். இரண்டு துணியிலும் ஒவ்வொன்று, துவைக்காத புதுத் துணியில், ஒரே வெட்டு. இரண்டு மெக்கானிக்குகள் ஒரு மாதம் போட்டுப் பார்ப்பது. பதினாறு தேறினால் நான் வாயை மூடிக்கொண்டு அதையே வெட்ட வேண்டும். பன்னிரண்டு தேறினால் என் சொல்படி.

பதினாறு எங்கள் மெஷினை ஒரு கை பார்த்தது. தையல்கள் கூடும் இடத்தைச் சுத்தியலால் தட்டிச் சப்பையாக்கியும் ஊசி உடைந்தது. தைத்து முடித்துத் தரையில் வைத்தால், ஆள் இல்லாமலே பேண்ட் நின்றது.

மாதம் முடிந்து பட்டறைக்காரர் இரண்டு பேரையும் கூட்டி வந்தார். குள்ளமானவர் பன்னிரண்டைப் போட்டிருந்தார். நெட்டையானவர் பதினாறை மடித்துக் கையில் வைத்திருந்தார்.

"பாத்தியாம்மா, ஒரு நூல் போகல. புதுசு கணக்கா இருக்கு. அவன் போட்டிருக்கிறதுல இப்பவே முட்டி வெளுத்துப்போச்சு," என்றார் பட்டறைக்காரர்.

பேண்ட்டை வாங்கித் திருப்பினேன். டெனிம் பழகும்போது போட்டவரின் உடம்பைப் படம் பிடித்துக்கொள்ளும். முட்டிக்குப் பின்னால் கோடுகள், தொடை மடிப்பில் சுருக்கம், உட்காரும் இடத்தில் வெளிறல். துணி கனமாக ஆக, கோடும் அழுத்தமாக விழும். இதில் இருந்ததோ என் வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட மடிப்பு மட்டும்தான்.

நிமிர்ந்து பார்த்தேன். நெட்டையானவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல துணிண்ணே," என்றேன் பட்டறைக்காரரிடம். "போட்டிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

அவர் பேண்ட்டையும் நெட்டையானவரையும் மாறி மாறிப் பார்த்தார். நெட்டையானவர்தான் வாயைத் திறந்தார். "அரை நாள் போட்டேன் முதலாளி. முட்டிக்குப் பின்னாடி அறுக்குது. கீழ படுத்தா எந்திரிக்க ஒரு ஆள் கை கொடுக்கணும். நீங்க ஆசையா வாங்கிக் கொடுத்தீங்களேன்னு சொல்லல."

பட்டறைக்காரர் மற்றவரை உட்கார்ந்து எழச் சொன்னார். அவர் சட்டுச் சட்டென்று உட்கார்ந்தார், எழுந்தார். பட்டறைக்காரர் குனிந்து அவர் முட்டித் துணியைக் கிள்ளிப் பார்த்தார். சாயம்தான் போயிருந்தது, துணி போகவில்லை.

"பன்னெண்டுலயே வெட்டும்மா," என்றார்.

"அந்தப் பதினாறை உங்க அளவுக்குப் பிரிச்சுத் தைச்சுத் தரேண்ணே. தினம் போட்டா ஆறு மாசத்துல உங்களுக்குன்னே நெய்த மாதிரி ஆயிடும்," என்றேன். அவர் அதைக் காதில் வாங்காதவர் போலப் படியிறங்கினார்.

பேண்ட்டெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு, ஒருநாள் நானும் வீட்டுக்காரரும் அந்தப் பட்டறைப் பக்கம் போனோம். ஒவ்வொரு லாரிக்கு அடியிலிருந்தும் இரண்டு கால் நீட்டிக்கொண்டிருந்தது. எல்லா முட்டியிலும் எங்கள் தையல். யாரோ ஒரு லாரிக்காரர், பேண்ட் எங்கே தைத்தது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

பட்டறைக்காரர் என்னைக் காட்டினார். "இவங்கதான். நான் பதினாறு கேட்டேன், தர மாட்டேன்னுட்டாங்க."

சொந்தத் தங்கையைப் பற்றிச் சொல்வது போல அவ்வளவு பெருமையாகச் சொன்னார். எனக்கு அதைவிடப் பெருமை.