தலைவருக்குத் தீட்டு

வெள்ளெருக்கேந்தலில் நாற்காலி மாதிரி உட்காரும் கக்கூஸ் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது கோயில் கமிட்டித் தலைவர் தனுஷ்கோடியுடையது. முழங்கால் தேய்ந்து குந்த முடியாமல் போனதால் கட்டியது என்பது வீட்டுக்குள் தெரிந்த உண்மை. "காலத்துக்குத் தக்கன நம்மளும் மாறணும்ல" என்பது ஊர்க்கூட்டத்தில் இரண்டு முறை சொல்லப்பட்ட உண்மை. பால் வெள்ளை நிறம். அதில் உட்காரும் உரிமை அவருக்கும், கழுவும் உரிமை மனைவி சண்முகவள்ளிக்கும் இருந்தது.

காளியம்மன் முளைக்கொட்டுத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டி நாலாம் நாள் காலை. சண்முகவள்ளி பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு அந்த வெள்ளையின் முன்னால் நின்றாள். ஐந்து வாளி தண்ணீர் ஊற்றியும் போகவில்லை. கன்னங்கரேலென்று, ரோடு போடுகிறவர்கள் சிந்திவிட்டுப் போன தார் மாதிரி மினுமினுத்துக்கொண்டு ஒட்டியிருந்தது. நாற்றமோ, முப்பத்திநாலு வருடக் குடித்தனத்தில் அவள் மூக்கு அறியாத நாற்றம். பழையபடி கருவேலங்காட்டுக்குப் போய்வந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பெருமைக்குக் கட்டிய வெள்ளை ஆளைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"ஏங்க, இது என்னங்க இப்பிடிப் போயிருக்கு?"

தனுஷ்கோடி கண்ணாடி முன்னால் நின்று திருநீற்றுப் பட்டைக்கு இடைவெளி சரிபார்த்துக்கொண்டிருந்தார். வலது மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. "நேத்து கோயில்ல கருப்பட்டிப் பானகம் குடிச்சேன்ல. அதுதான்."

"ஊரே குடிச்சுச்சு. நானுந்தான் குடிச்சேன். எனக்கு ஒண்ணும் தார் வரலையே."

"உனக்கு வர்றதும் எனக்கு வர்றதும் ஒண்ணாடி?"

அவரைப் பொறுத்தவரை அதிலும் தலைவர் தலைவர்தான். முந்தாநாளிலிருந்தே மூன்று தடவை இப்படிப் போயிருக்கிறார் என்பதைக் கேட்டுக் கேட்டுத்தான் வாங்க முடிந்தது. முகம் வேறு சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது. அவர் அதை விரதக் களை என்று நம்பிக்கொண்டிருந்தார். சட்டையை மாட்டக் கையைத் தூக்கியவர் ஒரு நொடி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சுவரைச் சோதித்துப் பார்த்தது போலத் தட்டிக்கொடுத்துவிட்டு வெளியே போனார்.

சண்முகவள்ளி தன் அண்ணன் மகள் பானுப்பிரியாவுக்குப் போன் அடித்தாள். பானுப்பிரியா ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் நர்ஸ். அன்றைக்கு அவளுக்கு மத்தியான டியூட்டி.

"அத்தை, கறுப்புன்னா எப்பிடி? இரும்புச் சத்து மாத்திரை ஏதும் திங்கிறாகளா மாமா?"

"அதெல்லாம் இல்ல. தாரு மாதிரி இருக்குத்தா. ஒட்டுது. நாத்தம் கொடலைப் பெரட்டுது."

"எந்திரிச்சா தலை சுத்துதா?"

"சுவத்தைப் புடிச்சாரு. கேட்டா செவுரு ஆடுதுங்கிறாரு."

"முட்டிவலிக்கு மாத்திரை?"

சண்முகவள்ளி அலமாரியைத் திறந்தாள். மெடிக்கலில் சும்மா கேட்டு வாங்கிய சிவப்பு மாத்திரை அட்டைகள், பாதி தின்றதும் முழுக்கத் தின்றதுமாகக் கிடந்தன. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, கமிட்டிக் கூட்டம் இருந்தால் கூடுதலாக ஒன்று. நாலு நாளாக விரதம், வெறும் வயிறு. அட்டையில் இருந்த பேரை எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

அந்தப் பக்கம் பானுப்பிரியாவின் குரல் மாறியது.

"அத்தை, நல்லாக் கேட்டுக்கங்க. இந்த மாத்திரை வயித்தைப் புண்ணாக்கும். புண்ணுல இருந்து ரத்தம் கசியுது. அது கொடல் வழியா எறங்கி வாரதுக்குள்ள செரிச்சுக் கறுப்பாயிரும். நீங்க கழுவுனது ரத்தம்."

"செவப்பா ஒரு பொட்டுகூட இல்லையேத்தா."

"செவப்பா இருந்தாத்தான் ரத்தமா? மேல் வயித்து ரத்தம் இப்பிடித்தான் தாரா வரும். வெளிய வந்தது கொஞ்சம், உள்ளார எம்புட்டுக் கெடக்குன்னு பாக்காமத் தெரியாது. எந்த நேரத்துல குபுக்குன்னு கொட்டும்னும் தெரியாது. நாளைக்குங்கிற பேச்சே வேணாம். இன்னைக்கு, இப்பவே. நூத்தியெட்டுக்குச் சொல்லுங்க. வண்டி ஓட்டவோ நடக்கவோ விட்றாதீக. மோர், எளநீன்னு வாயில எதையும் ஊத்தாதீக. அந்த மாத்திரைய இனிமே தொடவே கூடாது, ஆனா அட்டைய மட்டும் கையோட கொண்டுவாங்க."

"சரித்தா. ஆனா அவரு காப்புல கெடக்காரு."

பானுப்பிரியாவுக்கும் அந்த ஊர் தெரியும்.

காப்புக் கட்டிய ஒன்பது பேர், முளைப்பாரி கரைக்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. பழைய ஏற்பாடுதான், அம்மன் அதை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டாளோ தெரியாது, தனுஷ்கோடி ரொம்பத் தீவிரமாக எடுத்துக்கொண்டிருந்தார். போன வருடம் காப்புக் கட்டியிருந்த கூத்தையா, மகளுக்கு ஆபரேஷன் செய்து பிள்ளை எடுக்கிறார்கள் என்று ராமநாதபுரத்துக்கு ஓடினார். திரும்பி வந்தவரை ஊர் முன்னால் விழவைத்து, ஒரு வாரம் கோயில் வாசலைக் கூட்டவைத்தார் தலைவர். "ஆத்தா முன்னாடி ஆபரேஷனாவது ஒண்ணாவது" என்ற அவருடைய அன்றைய பேச்சு மைக்கில் ஒலித்தது. செல்போன்களில் இன்னும் சுற்றுகிறது.

சண்முகவள்ளி நூற்றியெட்டுக்குப் போன் செய்தாள். மாத்திரை அட்டைகளை மஞ்சப்பைக்குள் போட்டுக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள். வண்டி வர இருபது நிமிடம் ஆகும் என்றிருந்தார்கள். முப்பத்திநாலு வருடம் முடியாததை இருபது நிமிடத்தில் முடிக்க வேண்டும்: அவர் மனதை மாற்ற வேண்டும்.

கோயில் முன்பந்தலில் கமிட்டி கூடியிருந்தது. முளைப்பாரி ஊர்வலத்தில் தலைவருக்குக் கட்டும் பரிவட்டம் எத்தனை முழம் என்பது விவாதப் பொருள். தலைவர் நெற்றியில் வேர்வை அரும்பியிருந்தது. நாட்டாமைக் குடும்பத்துக்கு மூன்று முழம் என்றால் தனக்கு நாலு முழம் என்பதில் உறுதியாக இருந்தார்.

"ஏங்க, கெளம்புங்க. ஆம்புலன்ஸ் வருது."

"யாருக்கு?"

"உங்களுக்கு. வயித்துக்குள்ள ரத்தம் போகுது."

பந்தலில் இருந்த முப்பது பேரும் தலைவரின் வயிற்றைப் பார்த்தார்கள்.

"பொம்பள பேச்சைக் கேட்டுக்கிட்டு யாரும் பதறாதீக," என்றார் தனுஷ்கோடி. "லேசா சூடு. எளநி குடிச்சாச் சரியாப்போயிரும்." ஒருவர் உடனே மோர்ச் செம்போடு எழுந்தார். சண்முகவள்ளி அதை வாங்கி, பக்கத்திலிருந்த வேப்பமரத்துக்கு ஊற்றினாள்.

"காப்புக் கட்டியிருக்கேன். எல்லையத் தாண்ட மாட்டேன். அம்புட்டுத்தான்."

கூத்தையா முன்வரிசையில் மடியில் கையை வைத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தார். இந்தக் காட்சியை ஒரு வருடமாக எதிர்பார்த்த மனிதனின் அமைதி.

சண்முகவள்ளிக்குக் கெஞ்ச வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் கெஞ்சினால் அவருக்கு இன்னும் ஒரு முழம் கூடும். அவள் பூசாரியைப் பார்த்துத் திரும்பினாள்.

"சாமி, ஒரு சந்தேகம். மாசாமாசம் மூணு நாள் நாங்க இந்தத் தெருவுல நடக்கக் கூடாது. கொழாயடிக்குக்கூட கம்மாக்கரையச் சுத்தித்தான் போகணும். எதுனால?"

"தீட்டுத்தா," என்றார் பூசாரி.

"தீட்டுன்னா?"

"ரத்தப் போக்கு."

"போன வருசம் பதினோராப்புப் படிக்கிற புள்ளைய, இவருதான் மொளப்பாரிய எறக்கி வைக்கச் சொன்னாரு. அந்தப் புள்ள அழுதுச்சு. ரத்தம்னா ரத்தம்தான், ஆத்தா முன்னாடி அதுல சலுகை இல்லைன்னாரு. இந்தா, இவருக்கு மூணு நாளா ரத்தம் போகுது. காலையில நாந்தேன் கழுவுனேன். நர்சம்மா சொல்லிருச்சு. அதோட உங்க பந்தலுக்குள்ள, சாமிக்கு நேரா உக்காந்துருக்காரு. இப்பச் சொல்லுங்க, தீட்டா, இல்லையா?"

பூசாரி யோசித்தார். யோசித்துக்கொண்டே இரண்டு எட்டுப் பின்னால் நகர்ந்தார். தலைவருக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்களும் வேட்டியை ஒதுக்கிக்கொண்டார்கள்.

"அது கறுப்பாத்தானடி இருந்துச்சு!" என்று தலைவர் கத்தினார். முப்பது பேர் முன்னால் இந்த விவரத்தைத் தானே சொல்லிவிட்டோம் என்பது கத்திய பிறகுதான் அவருக்கு உறைத்தது.

கூத்தையா தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். "அண்ணே, சட்டம் போட்டதே நீங்கதானே. தீட்டுப்பட்ட கையில காப்பு இருந்தா ஊருக்கே ஆகாது. அவுத்துட்டா எல்லைக் கட்டும் இல்ல. எங்கன வேணாலும் போகலாம். நாங் கூட்டுன வாசல், அதுனால சொல்றேன்."

"எவண்டா என் காப்பைத் தொடுறவன்?" தனுஷ்கோடி விருட்டென்று எழுந்தார். எழுந்த வேகத்தில் முகத்தில் மிச்சமிருந்த ரத்தமும் இறங்கிவிட்டது. பந்தல் கம்பத்தைத் தேடிய கை காற்றைப் பிடித்தது. முன்னால் குனிந்தார். காப்பித்தூளைக் கரைத்து ஊற்றியது மாதிரி ஒன்று, அதற்குள் சிவப்பாகத் திரிதிரியாக, அளக்க விரித்திருந்த பரிவட்டத் துணியின் மேலேயே வந்தது. எத்தனை முழம் என்ற பிரச்சினை அதோடு தீர்ந்தது.

யாரும் தீட்டுப் பார்க்கவில்லை. முதலில் ஓடிவந்து தாங்கியவர் கூத்தையாதான். "ஒருக்களிச்சுப் படுக்கப் போடுங்க, மல்லாத்தாதீக, பொரையேறிரும்," என்று சண்முகவள்ளி சத்தம் போட்டாள். தலைவரின் கை ஐஸ்கட்டி மாதிரி இருந்தது.

"வள்ளி," என்றார் அவர், மைக் இல்லாத குரலில். "அவுத்துருங்க."

கூத்தையா முடிச்சை அவிழ்க்கப் பொறுமையில்லாமல் பல்லால் கடித்து அறுத்தார். காப்பு நாளென்று ஊர்க்காரர்கள் எல்லைக்கல்லில் நிறுத்திவிடுவார்களோ என்று சண்முகவள்ளி பயந்த வண்டி, அதைத் தாண்டிப் பந்தல் வாசலுக்கே வந்து நின்றது.

பெரியாஸ்பத்திரியில் பானுப்பிரியா வாசலில் நின்றாள். இரண்டு கையிலும் ஊசி ஏறியது. ரத்த அளவு பாதிக்கும் கீழே. மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றி, கொஞ்சம் நிதானத்துக்கு வந்ததும் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பைக்கு அடுத்த சிறுகுடலின் தொடக்கத்தில் புண். அதன் நடுவில் ரத்தக்குழாய் ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. மருந்து செலுத்தி, கிளிப் போட்டு அடைத்தார்கள்.

டாக்டர் இளம்பெண், தூக்கமில்லாத கண்கள். மஞ்சப்பையிலிருந்த அட்டைகளை மேஜையில் கொட்டி எண்ணிப் பார்த்துவிட்டு, "மூணு நாளாக் கறுப்பாப் போச்சுன்னா மொத நாளே வந்திருக்கணும்," என்றாள். "இன்னைக்கும் வராம இருந்திருந்தா, நான் இப்ப உங்ககிட்டப் பேசிக்கிட்டு இருக்க மாட்டேன்."

"கோயில் வேலைம்மா," என்றார் தனுஷ்கோடி.

"அப்பிடியா? மாத்து ஆள் யாரும் இல்லையோ?"

இருந்தார்கள். பரிவட்டம் இந்த வருடம் கூத்தையாவுக்குக் கட்டினார்கள். துவைத்த துணி, மூன்றே முழம். போன வருடம் முளைப்பாரியை இறக்கிவைத்த பிள்ளை இந்த வருடம் முன்வரிசையில் தூக்கிக்கொண்டு போனாள். போனில் வந்த வீடியோவைத் தனுஷ்கோடி படுக்கையில் கிடந்தபடி நாலு தடவை பார்த்தார். தோசை வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். முட்டிவலி மாத்திரை இனி கிடையாது. வலித்தால் இங்கே வந்து கேளுங்கள் என்றிருந்தாள் டாக்டர். வயிற்றுக்குத் தந்த மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும். தினமும் நிறத்தைப் பார்க்க வேண்டும். மறுபடி கறுத்தால், அன்றைக்கே வண்டி ஏற வேண்டும். பார்த்துச் சொல்லும் பொறுப்பை அவரிடமே விட சண்முகவள்ளிக்குத் தைரியம் இல்லை. ஆளும் பொய் சொல்லக்கூடியவர்.

அதனால் வெள்ளெருக்கேந்தலில் இப்போது தினமும் காலை ஏழு மணிக்கு, குழாயடியில் குடத்தோடு நிற்கும் பெண்கள் பேச்சை நிறுத்திக் காது கொடுக்கிறார்கள்.

"ஏங்க! என்ன கலரு?"

உள்ளிருந்து பதில் வராது. தலைவருக்கு இன்னும் கொஞ்சம் மானம் மிச்சமிருக்கிறது.

"பதில் சொல்றீகளா, நூத்தியெட்டுக்கு அடிக்கவா?"

"மஞ்சள்!"

"கேக்கல!"

"மஞ்சள்டி! மஞ்சள்!"

குழாயடியில் யாரோ குலவை போடுகிறார்கள்.